கொலுசிலும் மெட்டியிலும் உள்ள 925 முத்திரையைச் சரிபார்ப்பது எப்படி?

வெள்ளிக் கொலுசு வாங்கும்போது நாம் எடையைப் பார்க்கிறோம், டிசைனைப் பார்க்கிறோம். கொக்கியின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அடித்திருக்கும் எண்ணைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பழைய கொலுசை மாற்றப் போகும்போது, "இது அறுபது, எழுபது டச்தான் வரும்" என்று கடைக்காரர் வெள்ளியின் தரத்தைச் சொன்ன பிறகுதான் அந்த எண்ணின் நினைவே வருகிறது. அதை வாங்குவதற்கு முன்பே படிக்கவும் சோதிக்கவும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஸ்டெர்லிங் என்றால் என்ன?

ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. இந்தக் கலவைக்குத்தான் ஸ்டெர்லிங் வெள்ளி என்று பெயர். இங்கிலாந்தில் வெள்ளிப் பொருள்கள் அன்றைய ஸ்டெர்லிங் நாணயத்தின் தரத்துக்குக் குறையக்கூடாது என்று 1300-லேயே சட்டம் போட்டார்கள். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

செம்பு கலப்பது ஏமாற்று வேலை இல்லை. சுத்த வெள்ளி மிக மிருதுவானது. அதில் மெட்டி செய்தால் நடக்க நடக்க வளைந்து, விரலை விட்டுக் கழன்றுவிடும். கொலுசின் வளையங்கள் இழுபட்டுத் திறந்துகொள்ளும். அந்த 75 பங்கு செம்புதான் நகைக்கு உறுதி தருகிறது.

கடைத்தெருவில் இதையே 'டச்' என்ற கணக்கில் சொல்வார்கள். 92.5 டச் என்றால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 80 டச் என்றால் 80 பங்கு. சேலத்துப் பட்டறைகள் உட்பட நம் ஊரில் கொலுசு செய்யும் இடங்களில், ஆர்டருக்கு ஏற்ப வெவ்வேறு டச்சில் செய்வது வழக்கம். டச் குறைவாக இருப்பது குற்றமில்லை. 70 டச் கொலுசை 92.5 விலைக்கு விற்பதுதான் குற்றம்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜோடி கொலுசு 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 92.5 டச் என்றால் அதில் சுத்த வெள்ளி 111 கிராம். 70 டச் என்றால் 84 கிராம்தான். குறைவது 27 கிராம். கணக்கு எளிதாக இருக்க கிராம் நூறு ரூபாய் என்று எடுத்தாலும் 2,700 ரூபாய் போகிறது. வெள்ளி விலை ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும்.

படி 1: முத்திரையைத் தேடுங்கள்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவில் ஜூம் செய்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வெள்ளி பளபளத்து எழுத்தை மறைத்துவிடும்.

கொலுசில் முத்திரை பெரும்பாலும் கொக்கியிலோ, திருகாணியை ஒட்டிய தகட்டிலோ இருக்கும். மெட்டியில் விரலைத் தொடும் உள்பக்கத்தில் இருக்கும். 925, அல்லது அதற்கு முன்னால் ஆங்கில எஸ் எழுத்து, அல்லது 92.5, அல்லது ஆங்கிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சொல்: எல்லாம் ஒன்றுதான். 800, 835, 990 போன்ற எண்களையும் இதே முறையில் ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்று படிக்க வேண்டும். வெறுமனே 80 அல்லது 70 என்று இருந்தால் அது டச் கணக்கு.

'ஜெர்மன் சில்வர்', 'அல்பாக்கா', அல்லது இ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி நகையே இல்லை. முதல் இரண்டும் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி ஒரு துளிகூட இல்லை. மூன்றாவது, அதே கலவையின் மேல் வெள்ளி முலாம் பூசியது.

படி 2: அடித்தது யார்?

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விட முக்கியமான படி இதுதான். 925 என்ற அச்சை யார் வேண்டுமானாலும் வாங்கி அடிக்கலாம். எண் மட்டும் தனியாக இருந்தால் அது செய்தவர் தரும் வாக்கு, அவ்வளவுதான். ஹால்மார்க் என்பது வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த மையத்தில் நகையைச் சோதித்து, தரம் சரியாக இருந்தால் மட்டும் அடிப்பது அது.

வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க்கில் மூன்று அடையாளங்கள் இருக்கும். அமைவனத்தின் முக்கோண முத்திரையோடு ஆங்கிலத்தில் சில்வர் என்ற சொல், தரத்தைக் காட்டும் எண், அப்புறம் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இந்தக் குறியீட்டை எச்.யூ.ஐ.டி. என்பார்கள். ஒவ்வொரு நகைக்கும் தனிக் குறியீடு. அதற்கு முன்பு ஹால்மார்க் செய்த வெள்ளியில் இந்தக் குறியீடு இருக்காது. அதற்குப் பதில் சோதனை மையத்தின் அடையாளமும் கடையின் அடையாளமும் இருக்கும்.

குறியீடு இருந்தால் கைப்பேசியில் அமைவனத்தின் BIS Care செயலியைத் திறந்து, Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறு இலக்கங்களையும் தட்டுங்கள். நகையின் வகை, தரம், ஹால்மார்க் செய்த மையம் எல்லாம் வரும். 'வந்துவிட்டது, சரி' என்று மூடிவிடாதீர்கள். திரையில் வரும் நகை வகையும் எண்ணும் கையில் இருக்கும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும். கையில் இருப்பது கொலுசு, திரையில் மோதிரம் என்று வந்தால் குறியீட்டை எங்கிருந்தோ எடுத்து அடித்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கு ஹால்மார்க் தங்கத்தைப் போலக் கட்டாயமாக வரவில்லை. விருப்பம் உள்ள கடைக்காரர்கள் செய்யலாம் என்ற முறையில்தான் இந்தக் குறியீடும் வந்தது. அதனால் ஹால்மார்க் இல்லாத நல்ல கொலுசும் கடையில் உண்டு. அதற்குத்தான் அடுத்த படிகள்.

படி 3: கொக்கியை மட்டும் நம்பாதீர்கள்

கொலுசு ஒரே துண்டாகச் செய்தது அல்ல. கம்பி வளையங்கள், முத்துகள், சலங்கைகள், கொக்கி என்று தனித்தனியாகச் செய்து பற்றவைக்கிறார்கள். பற்றவைக்கும் பொடி நகையை விடச் சீக்கிரம் உருக வேண்டும் என்பதால் அதில் வெள்ளி குறைவு. பற்று அதிகம் உள்ள கொலுசை உருக்கினால், கம்பியின் தரத்தை விட மொத்தத் தரம் இறங்கும். கொக்கியை மட்டும் 925-ல் வாங்கிப் பூட்டி, உடலை 70-ல் செய்தாலும் முத்திரை என்னவோ 925 என்றுதான் இருக்கும். கொக்கியையும் உடலையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

படி 4: தேய்ந்த இடத்தைப் பாருங்கள்

பழைய நகைக்கு இது நல்ல சோதனை. மெட்டியைத் திருப்பி, தரையில் உரசும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் அந்த இடத்தில் மஞ்சள் தெரியும், செம்பாக இருந்தால் சிவப்பு. உண்மையான வெள்ளி எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயும் வெள்ளையாகவே இருக்கும். கொலுசில் வளையமும் வளையமும் உரசும் உள் விளிம்பைப் பாருங்கள்.

கறுத்துப்போவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும். காந்தமும் பாதிதான் உதவும். ஒட்டினால் இரும்பு இருக்கிறது என்று தெரியும், ஆனால் பித்தளையும் ஜெர்மன் சில்வரும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. திருகாணி, சலங்கைக்குள் இருக்கும் பரல் மட்டும் இரும்பாக இருக்கலாம் என்பதால், காந்தத்தை வளையங்களில் வைத்துப் பாருங்கள்.

படி 5: மெட்டியைத் தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். மெட்டியை முதலில் சாதாரணமாக நிறுத்துங்கள். 8.24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மெட்டியை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாதபடி பிடியுங்கள். தராசு இப்போது 0.80 காட்டுகிறது என்றால் 8.24 ÷ 0.80 = 10.3. அதுதான் அடர்த்தி.

ஸ்டெர்லிங்கின் அடர்த்தி சுமார் 10.3 முதல் 10.4 வரை. ஜெர்மன் சில்வர் சுமார் 8.7, பித்தளை 8.5-ஐ ஒட்டி. இதே எடையில் ஜெர்மன் சில்வர் மெட்டி இருந்தால் தராசு 0.95-ஐ ஒட்டிக் காட்டியிருக்கும். எனவே வெள்ளியா இல்லையா என்பதற்கு இது தெளிவான பதில் தருகிறது.

ஆனால் 925-ஆ 800-ஆ என்பதை இது சொல்லாது. 800 வெள்ளியின் அடர்த்தி 10.1-க்குச் சற்று மேல். இந்த எடையில் தராசில் வரும் வித்தியாசம் 0.02 மட்டுமே, ஒரு காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தாலே கணக்கு புரண்டுவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெட்டியை அசைத்துக் குமிழ்களை விரட்டுங்கள். கல் பதித்தது, எனாமல் பூசியது, உள்ளே குழலாக இருப்பது எதற்கும் இந்தச் சோதனை ஒத்துவராது.

நைட்ரிக் அமிலத்தில் உரசிப் பார்க்கும் முறையை வீட்டில் செய்ய வேண்டாம். கையைச் சுடும், நகையில் கறை விழும்.

படி 6: மிஷினில் சோதிக்கும்போது

பல கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் எக்ஸ்-ரே மிஷின் இருக்கிறது. நகையை வெட்டாமலே நொடிகளில் எண் வந்துவிடும். ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கிறது. தரம் குறைந்த வெள்ளியைச் சூடாக்கி அமிலத்தில் போட்டு வெளுக்கும்போது மேலே உள்ள செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் நிற்கும். முலாம் பூசினாலும் அப்படித்தான். மிஷின் அந்தத் தோலைப் படித்துவிட்டு அதிக எண்ணைக் காட்டும்.

எனவே மூன்று இடங்களில் வைக்கச் சொல்லுங்கள்: கொக்கி, நடு வளையம், பற்றவைத்த ஓர் இடம். பழைய நகை என்றால் தேய்ந்த பக்கத்தைக் காட்டுங்கள். கொக்கியில் 92, வளையத்தில் 78 என்று வந்தால் முத்திரை எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

படி 7: பில்லில் எழுதச் சொல்லுங்கள்

பில்லில் வெறும் 'வெள்ளிக் கொலுசு' என்று இருந்தால் போதாது. தரம் 925 அல்லது டச் எவ்வளவு, கல்லும் எனாமலும் நீக்கிய நிகர எடை, செய்கூலியும் சேதாரமும் தனித்தனியாக, ஹால்மார்க் இருந்தால் அந்த விவரம். அப்புறம், திருப்பிக் கொடுத்தால் எந்த டச்சில் கணக்குப் போடுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். 925 என்று விற்பவர், திருப்பி வாங்கும்போது 70 டச்தான் என்று சொல்வாரானால், அந்தக் கொலுசை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.