காரணம் சரியென்றால் எல்லாமே சரியா? நியாயப் போர் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியாயப் போர் என்ற பாடத்தில் மேல்நிலை மாணவர்கள் எழுதும் விடைகளில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஒரு போரை எடுத்துக்கொள்வார்கள், யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முதல் பத்தியிலேயே முடிவு செய்துவிடுவார்கள். அப்புறம் நல்லவர் செய்தது எல்லாம் நியாயம், கெட்டவர் செய்தது எல்லாம் குற்றம் என்று விடை ஒரே ஓட்டமாக ஓடிவிடும். இது எங்கெல்லாம் சறுக்குகிறது என்று காட்ட 1991 வளைகுடாப் போர் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதில் போருக்கான காரணம் பெரும்பாலோர் ஏற்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. சண்டை நடந்த முறையைப் பற்றித்தான் இன்றுவரை வாதம் ஓயவில்லை.

நடந்தது சுருக்கமாக இதுதான். 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்து நாட்டைப் பிடித்தது. சில நாட்களில் குவைத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக ஈராக் அறிவித்தது. ஐ.நா. பாதுகாப்பு அவை அன்றே கண்டித்தது, அதே வாரத்தில் பொருளாதாரத் தடை விதித்தது. நவம்பர் 29 அன்று 678ஆம் தீர்மானம் வந்தது. 1991 ஜனவரி 15க்குள் வெளியேறாவிட்டால் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்று அது உறுப்பு நாடுகளுக்கு அனுமதி தந்தது. ஜனவரி 17 அன்று அமெரிக்கா தலைமையிலான கூட்டணி குண்டுவீச்சைத் தொடங்கியது. தரைப்போர் பிப்ரவரி 24 அன்று தொடங்கி 28ஆம் தேதி சண்டை நிறுத்தத்தில் முடிந்தது.

முதல் தவறு, இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுவது. போருக்குப் போனது சரியா என்பது ஒரு கேள்வி. போரிட்ட முறை சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் போரை முடிவுசெய்யும் ஆட்சியாளர்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தளபதி முதல் கடைசிச் சிப்பாய் வரை எல்லோரும். குவைத்தை மீட்கப் போனவர்களுக்கு வலுவான காரணம் இருந்தது என்பதால் அவர்கள் போட்ட ஒவ்வொரு குண்டும் நியாயமாகிவிடாது.

மறுபக்கமும் இப்படித்தான். ஆக்கிரமிப்பு குற்றம் என்பதால் பதுங்குகுழியில் கிடந்த ஒவ்வொரு ஈராக் சிப்பாயும் குற்றவாளி ஆகிவிடவில்லை. சரணடைந்த பல்லாயிரம் ஈராக்கியர்களுக்குப் போர்க் கைதிகள் என்ற பாதுகாப்பு இருந்தது. அதே பாதுகாப்பு பிடிபட்ட கூட்டணி விமானிகளுக்கும் உண்டு. அவர்களில் சிலரை முகத்தில் காயங்களோடு ஈராக் தொலைக்காட்சியில் நிறுத்திப் பேசவைத்தபோது, 1949 ஜெனீவா உடன்படிக்கை கைதிகளுக்குத் தரும் பாதுகாப்பை ஈராக் மீறியது. குவைத்தைப் பிடித்த குற்றம் ஒரு கணக்கு, இது இன்னொரு கணக்கு. விடையில் இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள்.

‘கடைசி வழி’ என்ற நிபந்தனையையும் பலர் தப்பாகப் பிடிக்கிறார்கள். உலகில் இருக்கும் எல்லா வழிகளையும் முயன்று தீர்த்த பிறகுதான் போர் என்று அதற்குப் பொருள் கொண்டால் எந்தப் போரும் கடைசி வழியாகாது, இன்னொரு பேச்சுவார்த்தைக்கு எப்போதும் இடமிருக்கும். பலன் தரக்கூடிய மற்ற வழிகளை நேர்மையாக முயன்றார்களா என்பதுதான் கேள்வி. தடை விதித்து ஐந்து மாதங்களுக்கு மேல் காத்திருந்தது போதும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் தடையே வேலை செய்திருக்கும் என்று மற்றொரு தரப்பு, அமெரிக்காவுக்குள்ளேயே, வாதிட்டது. இந்தக் காத்திருப்பில் குவைத்துக்குள் சிக்கிய மக்கள் என்ன ஆவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் அது விடை.

அதிகம் குழம்புவது அளவுப் பொருத்தம் என்ற கருத்தில்தான். இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று இறந்தோர் எண்ணிக்கையை ஒப்பிட்டு, கூடுதலாகக் கொன்ற பக்கம் நியாயம் தவறியது என்று முடித்துவிடுகிறார்கள். அளவுப் பொருத்தம் கேட்பது வேறு. ஒரு தாக்குதலைத் திட்டமிடும் நேரத்தில், அதனால் கிடைக்கும் என்று எதிர்பார்த்த நேரடியான இராணுவப் பலனோடு ஒப்பிட்டால், பொதுமக்களுக்கு நேரும் என்று எதிர்பார்த்த இழப்பு மிதமிஞ்சியதா என்று அது கேட்கிறது. எதிரிப் படைவீரர்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கில் வராது. தாக்கியவருக்கு அப்போது என்ன தெரியும், முயன்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை வைத்துத்தான் தீர்ப்பு.

பாக்தாதின் அமிரியா பகுதியில் நடந்ததை நெருங்கிப் பார்த்தால் இது புரியும். 1991 பிப்ரவரி 13 விடியற்காலை. தடித்த கான்கிரீட் கூரை போட்ட ஒரு பதுங்குமிடத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் லேசர் வழிகாட்டும் இரண்டு குண்டுகளைப் போட்டன. ஒன்று கூரையைத் துளைத்தது, மற்றொன்று அந்த வழியாக உள்ளே இறங்கியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அது இராணுவக் கட்டளை மையமாக மாற்றப்பட்ட இடம் என்று அமெரிக்கா சொன்னது. அங்கிருந்து இராணுவத் தகவல் தொடர்புகள் நடந்ததாகவும், கூரைக்கு உருமறைப்பு வண்ணம் அடித்திருந்ததாகவும், உள்ளே பொதுமக்கள் இருப்பது தங்களுக்குத் தெரியாது என்றும் விளக்கியது. ஈராக் அதை மறுத்தது.

இங்கே மாணவர்கள் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். நானூறு பேர் இறந்தார்கள், ஆகவே போர்க்குற்றம் என்பது ஒன்று. குறிவைத்தது பொதுமக்களை அல்ல, ஆகவே குற்றமில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. முதல் வாதத்தில் தாக்கியவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியே இல்லை. இரண்டாவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்ற ஒற்றை வரியில் அது எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. கொல்ல நினைக்காதது மட்டும் போதாது. கொல்லாமல் இருக்க என்ன முயற்சி எடுத்தார்கள், அதற்காகத் தங்கள் பக்கம் என்ன சிரமத்தை ஏற்றார்கள் என்பதையும் காட்ட வேண்டும்.

1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை இதையே விதியாக எழுதி வைத்திருக்கிறது. இலக்கு இராணுவ இலக்குதானா என்று இயன்ற அளவு உறுதிசெய்ய வேண்டும், சூழ்நிலை இடம் கொடுத்தால் பொதுமக்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கை தர வேண்டும். அமெரிக்கா அந்த நெறிமுறையை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனாலும் பொதுமக்களைப் பிரித்துப் பார்ப்பது, முன்னெச்சரிக்கை எடுப்பது என்ற அடிப்படைகள் எழுதா வழக்காகவே எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகின்றன.

அமிரியாவில் உறுத்தும் இடம் இதுதான். அந்தக் கட்டடம் ஈரான்–ஈராக் போர்க்காலத்தில் மக்களின் பதுங்குமிடமாக இருந்தது என்பது அமெரிக்கத் தரப்புக்கே தெரியும். மக்கள் ஒதுங்கப் பழகிய ஓர் இடம் பாதுகாப்பை இழந்துவிட்டது என்று தாக்குபவர் முடிவு செய்தால், அதை அந்த மக்களுக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டாமா? எச்சரிக்கை தந்ததாகத் தெரியவில்லை. இரவில் அங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று போதிய நேரம் கவனித்திருந்தால் குடும்பங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்ற வாதமும் வலுவானது. என் தீர்ப்பு இது: வேண்டுமென்றே பொதுமக்களைக் கொன்றார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் எடுத்திருக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பாக்தாத் நகருக்குள் இலக்குகளைத் தேர்வதில் மேலிடக் கட்டுப்பாடு இறுகியது. முன்பே இறுக்கியிருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

முன்கூட்டி எச்சரிப்பது மேலை நாட்டுச் சட்டப் புத்தகங்களில் மட்டும் பிறந்த எண்ணம் என்று எழுதுவதும் தவறு. புறநானூற்றின் 9ஆம் பாடலில் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்கும் முன் பசுக்களையும் அந்தணரையும் பெண்டிரையும் நோயாளிகளையும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களையும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளச் சொல்கிறான் என்று நெட்டிமையார் பாடுகிறார். அந்தப் பட்டியல் அந்தக் காலத்துச் சமூகத்தின் பட்டியல். உழவனும் தச்சனும் அதில் இல்லை. சண்டையில் இறங்காத எல்லோருக்கும் பாதுகாப்பு என்பது இன்றைய விதி. இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘அவர்கள் செய்தார்கள், அதனால் இவர்களும் செய்யலாம்’ என்ற வாதத்துக்கு அதிக இடம் வேண்டியதில்லை. ஈராக் வெளிநாட்டவரைப் பிணையாகப் பிடித்து முக்கிய இலக்குகளில் தங்கவைத்தது, போரில் சேராத இஸ்ரேலின் நகரங்கள் மீது துல்லியமற்ற ஸ்கட் ஏவுகணைகளை ஏவியது. இவை ஈராக் அரசின் குற்றங்கள். அமிரியாவில் தூங்கிய குழந்தைகள் இவற்றைச் செய்யவில்லை.

இனி, சட்டம் அனுமதித்ததெல்லாம் அறமும் அனுமதித்ததாக எடுத்துக்கொள்ளும் தவறு. பிப்ரவரி 26 இரவு குவைத் நகரிலிருந்து பஸ்ரா நோக்கிப் போகும் 80ஆம் நெடுஞ்சாலையில் ஈராக் படையினர் கிடைத்த வண்டிகளில் எல்லாம் ஏறி ஓடினார்கள். இராணுவ வண்டிகளோடு கொள்ளையடித்த கார்களும் லாரிகளும் கலந்து போயின. முட்லா மேட்டருகே கூட்டணி விமானங்கள் வரிசையின் வழியை அடைத்துவிட்டு, நடுவில் சிக்கியவற்றைத் தொடர்ந்து தாக்கின. ‘மரணச் சாலை’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

பின்வாங்கும் படையைத் தாக்கியதால் இது சட்டவிரோதம் என்று எழுதினால் தவறு. சட்டம் காப்பது சரணடைந்தவரை, பிடிபட்டவரை, காயத்தால் செயலிழந்தவரை. ஆயுதத்தோடு பின்வாங்குபவர் நாளை அணி திரண்டு மறுபடி சண்டைக்கு வரலாம் என்பதால் அவர் இலக்காகவே இருக்கிறார். குவைத்தைவிட்டு விலகுவதாக ஈராக் அன்று வானொலியில் அறிவித்திருந்தது. அது ஐ.நா. தீர்மானத்தை ஏற்ற விலகல் அல்ல, தோற்ற படையின் ஓட்டம்தான் என்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் பதில் சொன்னார்.

ஆனால் விடை அத்தோடு முடிந்துவிடக் கூடாது. போரின் நோக்கம் எதிரிப் படையின் வலுவைக் குறைப்பது மட்டுமே என்று 1868 செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் சொல்கிறது. நகர வழியில்லாமல் நின்றுபோன வரிசையை மணிக்கணக்காக அடித்தபோது, ஒரு கட்டத்துக்கு மேல் எந்த வலுவைக் குறைத்தார்கள்? சட்டப்படி இலக்காக இருந்தவரைக் கொல்வதற்கும் தேவை என்ற ஒன்று இருக்க வேண்டும் என்று வாதிட இங்கே இடமுண்டு. அதை நான் ஏற்கிறேன். அந்தச் சாலையின் காட்சிகள் வெளியுலகில் எழுப்பிய அதிர்ச்சியும் போரைச் சீக்கிரம் நிறுத்த ஒரு காரணமாயிற்று.

நிறுத்தியதைப் பற்றியும் ஒரு தவறு உண்டு. பாக்தாத் வரை போய் சதாமைக் கவிழ்க்காமல் விட்டது கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். போரின் நியாயம் குவைத்தை மீட்பதில் இருந்தது, தீர்மானத்தின் அனுமதியும் அதற்கும் அதோடு சேர்ந்த அமைதிக்கும்தான். காரணம் எங்கே முடிகிறதோ அங்கே நின்றது சரி. ஆனால் நின்றதாலேயே கணக்கு தீர்ந்துவிடவும் இல்லை. சதாமை விலக்க ஈராக் மக்களே முன்வர வேண்டும் என்று பிப்ரவரியில் புஷ் வெளிப்படையாக அழைத்திருந்தார். மார்ச் மாதம் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். தப்பிப் பிழைத்த ஈராக் படை அவர்களை நசுக்கியது, இலட்சக்கணக்கான குர்துகள் மலை எல்லைகளுக்கு ஓடினார்கள். எழுச்சிக்கு அழைத்தவருக்கு எழுந்தவர்களிடம் கடமை உண்டா என்பது மேலே பார்த்த இரண்டு கேள்விகளிலும் அடங்காது. போர் முடிந்த பிறகு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற மூன்றாவது கேள்வி அது, விடைத்தாளில் அதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.