பி.எம். கிசான் அறிவிப்பைத் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்தின் இந்தி அறிவிப்பைத் தமிழாக்குபவர்கள் அதிகம் சறுக்குவது, தெரிந்தது போலத் தோன்றும் சொற்களில்தான். இந்தியில் 'சஹாயதா ராஷி' என்றால் உதவித்தொகை. அதைச் 'சகாய ராசி' என்று எழுதினால் தமிழில் ஜாதகம்தான் நினைவுக்கு வரும். இது படித்ததும் பிடிபட்டுவிடும் பிழை. 'பிரமாண் பத்ர' அப்படியல்ல. இந்தியில் அது சான்றிதழ். தமிழில் 'பிரமாணப் பத்திரம்' என்பது உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடும் ஆவணம். அப்படியே எழுதினால், சான்றிதழ் நகல் போதுமான இடத்தில் விவசாயி முத்திரைத்தாள் வாங்கி நோட்டரியைத் தேடிப் போவார். பணமும் நாளும் வீண்.

அடுத்தது 'பரிவார்'. குடும்பம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே. நம் பேச்சில் அப்பா, அம்மா, கல்யாணமான மகன் எல்லோரும் ஒரே குடும்பம். அதனால் அப்பாவுக்குப் பணம் வருகிறது என்பதற்காகத் தன் பெயரில் நிலம் உள்ள மகன் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவார். விளக்கத்தை அடிக்குறிப்பில் தள்ளாமல் அந்த வரியிலேயே எழுதுங்கள்:

"சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். இது கடன் அல்ல. கணவன், மனைவி இருவர் பெயரிலும் நிலம் இருந்தாலும் ஒருவருக்குத்தான் பணம். 18 வயது நிரம்பிய மகன் தனிக் குடும்பம். அவர் பெயரில் நிலம் இருந்தால் அவர் தனியாகக் கேட்கலாம்."

'இது கடன் அல்ல' என்பது இந்தியில் இல்லாத வரி. 'தவணை' என்ற சொல் நமக்குக் கடனைத்தான் நினைவூட்டுகிறது என்பதால் அதைச் சேர்ப்பது நியாயம்.

இந்தியில் 'தவிர' என்ற பொருளில் 'கோ சோட்கர்' என்று வரும் விலக்கைத் தமிழில் ஒரே வாக்கியமாக்குவதும் ஆபத்து. "நான்காம் நிலை ஊழியர் நீங்கலாக மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுவோர் தகுதியற்றோர்" என்றால், யார் உள்ளே, யார் வெளியே என்பது குழம்பிவிடும். பிரித்து எழுதுங்கள்: "மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவருக்குப் பணம் கிடையாது. ஆனால் நான்காம் நிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை."

பிறமொழிச் சொல்லைக் களையும் வேகத்தில் ஆதார், ஓடிபி போன்றவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இணையதளத்தில் `eKYC` என்று இருக்கும் பொத்தானை அப்படியே குறிப்பிட்டு, "ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போடவும்" என்று எழுதினால் போதும்.

எழுதி முடித்ததும், திட்டம் பற்றித் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "18 வயது தாண்டிய அண்ணன், தம்பி இருவருக்கும் தனித்தனிப் பட்டா, யாருக்குப் பணம் வரும்?" என்று கேளுங்கள். இருவருக்கும் என்று உடனே சொல்லாமல் தாளைத் திரும்பப் புரட்டினால், குடும்பம் பற்றிய வரியைத்தான் மீண்டும் எழுத வேண்டும்.