படம் பார்த்துப் புரட்டும் பிள்ளையை வாசிக்க வைத்தல்: ஒரே ஒரு காமிக்ஸ் பக்கத்தில் தொடங்குங்கள்

புத்தகத்தைக் கண்டாலே நழுவிவிடும் பிள்ளைக்குக் காமிக்ஸ் வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலரும் சில நாளில் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். கதையைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை." ஒன்பது வயதில் என் மகனும் அப்படித்தான் புரட்டினான். பாடப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கிற பிள்ளை அவன். காமிக்ஸ் பக்கத்தை எந்த வரிசையில் பார்ப்பது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது ஆகிய இரண்டையும் அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை. அதைக் காட்டித் தந்த பிறகுதான் காமிக்ஸ் அவனை மற்ற புத்தகங்களின் பக்கம் நகர்த்தியது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கட்டங்கள் நேரான வரிசைகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்கும் கட்டங்கள் அழகாக இருக்கும். ஆனால் தொடக்க வாசகருக்குக் கண் எங்கே போக வேண்டும் என்பது புரியாது. பிறகு பேச்சுக் குமிழ்களைப் பாருங்கள். ஒரு குமிழில் மூன்று வரிகளுக்கு மேல் அடிக்கடி வந்தால் அந்தப் புத்தகத்தை இன்னும் சில மாதம் தள்ளி வையுங்கள்.

இந்தக் காரணத்தால்தான், எல்லோரும் முதலில் நினைக்கும் டின்டினையும் ஆஸ்டெரிக்ஸையும் முதல் புத்தகமாக நான் பரிந்துரைப்பதில்லை. டின்டினின் கோடுகள் மிகத் தெளிவானவை. ஆனால் அதில் பேச்சு மிக அதிகம். ஆஸ்டெரிக்ஸின் நகைச்சுவையில் பாதி சொல் விளையாட்டு. காமிக்ஸ் வாசிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டுக்கு இரண்டும் நல்ல புத்தகங்கள்.

தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட காமிக்ஸ் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். வேற்று மொழிக்காக வரைந்த குமிழில் நம் நீண்ட சொற்களை அடைக்க வேண்டியிருப்பதால், எழுத்து சிறுத்துப் போகும். இல்லையென்றால் ஒரு சொல் இரண்டு வரிகளாக உடையும். 'அணைத்து' ஒரு வரியிலும் 'விட்டார்களே' அடுத்த வரியிலும் நின்றால் பெரியவர்கள் சேர்த்துப் படித்துவிடுவோம். தொடக்க வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். ஆங்கில காமிக்ஸில் இதே இடத்தில் வேறொரு தடை இருக்கிறது. பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்துகளில்தான் அச்சிடுவார்கள். சிறிய எழுத்துகளில் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும்.

அச்சுப் புத்தகத்தையே வாங்குங்கள். கைப்பேசிச் செயலிகளில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. கற்கும் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடுத்தது எந்தக் கட்டம் என்பதைச் செயலியே முடிவு செய்துவிடுகிறது. பிள்ளை கற்க வேண்டியதே அதுதான்.

2. முதல் வாசிப்பு அவர்களுடையது

பக்கத்தில் உட்காராதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். வேகமாகப் புரட்டட்டும். ஒட்டுமொத்தமாக ஒரு நோட்டம் விடுவதும் காமிக்ஸ் வாசிப்பின் ஒரு பகுதிதான். அடுத்த நாள் அதே புத்தகத்தை அவர்களாகவே மீண்டும் எடுத்தால் புத்தகம் சரியான தேர்வு. எடுக்கவில்லையென்றால் வேறொன்றை மாற்றுங்கள்; அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

3. ஒரு பக்கத்தைச் சேர்ந்து வாசித்தல்

என் மகன் நின்ற இடம் இதுதான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேல் வரிசையில் ஒரே நீளமான கட்டம்: இரவு, கடல், கலங்கரை விளக்கம் எரிகிறது. நடு வரிசையில் மூன்று. முதலாவதில் ஒரு சிறுமி மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். "விளக்கை அணைத்துவிடு" என்று ஒரு குமிழ். பேசுபவரை நோக்கி நீளும் அதன் வால் கட்டத்தின் விளிம்புக்கு வெளியே போகிறது. இரண்டாவதில் பாதி திரும்பிய கதவுப் பிடி மட்டும், சொல் எதுவும் இல்லை. மூன்றாவதில் கவிழ்ந்து கிடக்கும் நாற்காலி, சிறுமியைக் காணோம். கீழ் வரிசையில் இரண்டு. ஒன்றில் படிக்கட்டின் இடப்பக்கம் ஒரு கிழவர், வலப்பக்கம் சிறுமி. சிறுமியின் குமிழ் மேலே: "கப்பல் வந்துகொண்டிருக்கிறதே, தாத்தா!" கிழவரின் குமிழ் கீழே: "தெரியும். அதனால்தான்." கடைசிக் கட்டத்தில் மறுபடி கலங்கரை விளக்கம், இப்போது இருட்டில்.

புரட்டிப் பார்க்கும் பிள்ளை இதை "ஒரு தாத்தாவும் பேத்தியும் கலங்கரை விளக்கத்தில் இருக்கிறார்கள்" என்று சொல்லும். பார்த்தது எதுவும் தவறில்லை. ஆனால் கதை அதன் கையில் சிக்கவில்லை.

முதலில் குமிழின் வாலை விரலால் தொடச் சொல்லுங்கள். "விளக்கை அணைத்துவிடு" என்று சொன்னது யார்? வால் கட்டத்துக்கு வெளியே போவதால் பேசுபவர் கதவுக்கு அப்பால் நிற்கிறார். இது புரிந்தவுடன் வெறும் கதவுப் பிடியை வரைந்த அடுத்த கட்டத்துக்குப் பொருள் வந்துவிடும்.

அடுத்தது குமிழ்களின் வரிசை. படிக்கட்டுக் கட்டத்தில் பல பிள்ளைகள் இடப்பக்கம் நிற்கும் கிழவரின் பேச்சை முதலில் படித்துவிடுவார்கள். கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடுவதால் உரையாடல் குழம்பிப் போகும். அந்தக் குழப்பத்தில்தான் அவர்கள் சொற்களைக் கைவிட்டுப் படத்துக்குத் திரும்புகிறார்கள். விதி எளியது: மேலே இருக்கும் குமிழ் முதலில், இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் இடப்பக்கத்துக் குமிழ் முதலில். ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது கணக்கில் இல்லை.

மூன்றாவதாக, கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளி. வரைகலைஞரும் காமிக்ஸ் ஆய்வாளருமான ஸ்காட் மெக்லவுட் 1993இல் வெளியிட்ட தன் நூலில் இதை அழகாக விளக்கியிருக்கிறார்: நடந்தது கட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது, அதை இட்டு நிரப்புவது வாசகரின் மனம். நம் பக்கத்தில் கதவுப் பிடிக்கும் கவிழ்ந்த நாற்காலிக்கும் நடுவில் சிறுமி துள்ளி எழுந்து ஓடியிருக்கிறாள். அதை யாரும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே விரலை வைத்து, "இங்கே என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதிலைத் திருத்த வேண்டாம். பொருந்தாத பதில் சொன்னால் அடுத்த கட்டத்தைக் காட்டுங்கள், அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம் இப்படிப் போதும். மீதிப் பக்கங்களில் வேடம் பிரித்துச் சத்தமாக வாசியுங்கள்: பாத்திரங்களின் பேச்சு பிள்ளைக்கு, பெட்டிக்குள் வரும் விவரிப்பு உங்களுக்கு. விவரிப்புப் பெட்டிகள்தான் வறண்டவை. அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் பிள்ளை சோர்வதில்லை.

4. சொற்களைப் படிக்கிறார்களா என்று அறிதல்

"புரிந்ததா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். படத்தில் இல்லாமல் குமிழில் மட்டும் இருக்கும் ஒன்றைக் கேளுங்கள். நம் பக்கத்தில் கப்பலே வரையப்படவில்லை. "ஏன் விளக்கை அணைத்தார்கள்?" என்று கேட்டால், சொற்களைப் படித்த பிள்ளைதான் கப்பலைச் சொல்லும். கிழவருக்கு அந்தக் கப்பல் பாறையில் மோத வேண்டும் என்று எண்ணமோ என்ற சந்தேகத்தையும் சொன்னால், இடைவெளியையும் படித்துவிட்டது என்று பொருள்.

கேள்வி பிடிக்காத பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. பக்கத்தை நகலெடுத்து, ஒட்டுத்தாள் துண்டுகளால் குமிழ்களை மூடிவிட்டு, பேச்சை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிறகு தாளை எடுத்து ஒப்பிடலாம். எழுத மறுக்கும் பிள்ளைகள்கூட இரண்டு சொல் குமிழை எழுதிவிடுகிறார்கள். வெள்ளை மை பூசி அழிப்பதைவிட ஒட்டுத்தாளே நல்லது, மூலச் சொல்லை உடனே பார்க்கலாம்.

5. உரைநடைக்கு நகர்தல்

அவசரம் வேண்டாம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதை நிறுத்தவும் வேண்டாம். தொடக்க வாசகரின் வேகம் கூடுவது அங்கேதான். அவர்களாகக் குமிழ்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு, நன்றாகத் தெரிந்த ஒரு காமிக்ஸ் பக்கத்தை நீங்கள் உரைநடையாக எழுதிக் கொடுங்கள். எட்டு வரிகள் போதும்.

எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்தேன். நம் பக்கத்தை அப்படி எழுதினால் நடுவில் இப்படி வரும்: "நாற்காலி விழுந்த சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை." நான் எழுதித் தந்த பக்கத்தைப் படித்ததும் என் மகன் சண்டைக்கு வந்தான். படத்தில் சத்தமே இல்லையே, அவள் கட்டாயம் திரும்பிப் பார்த்திருப்பாள் என்றான். அதுவரை வெள்ளை இடைவெளியில் தானே நிரப்பிக்கொண்டதை, உரைநடையில் எழுதுபவர் நிரப்பித் தருகிறார் என்று அவன் கண்டுகொண்டது அப்போதுதான். "அப்படியானால் நீ எழுது" என்றேன், எழுதினான்.

இதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் படமும் உரையும் கலந்து வரும் கதைகள், அதன்பின் ஏற்கெனவே காமிக்ஸாகப் படித்த கதையின் உரைநடை நூல். கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று தோன்றலாம். கதையைப் பற்றிய கவலை இல்லாததால்தான் அவர்களால் வாக்கியத்தைக் கவனிக்க முடிகிறது.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு இங்கேயே பதில் சேர்க்கிறேன்.

ஜப்பானிய மங்கா கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கலாம். பல மொழிபெயர்ப்புகள் மூலத்தின் வரிசையையே வைத்திருக்கும்: புத்தகம் வலமிருந்து இடமாகத் திறக்கும், கட்டங்களும் குமிழ்களும் அப்படியே. ஒரு திசை நன்றாகப் பழகிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் கொடுத்தால் குமிழ் வரிசை மறுபடி குழம்பும்.

பிள்ளை குமிழ்களை மட்டும் படித்துப் படங்களைத் தாண்டிவிடுகிறது என்று ஒரு தாய் எழுதினார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளிடம் இது உண்டு. அவர்களுக்குச் சொற்களே இல்லாத கிராபிக் நாவல் கொடுங்கள். ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'தி அரைவல்' முழுக்கப் படங்களாலானது, சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. எந்த மொழி வீட்டிலும் அதை வாசிக்கலாம்.

மூன்றாவது கேள்வி முக்கியமானது: எல்லாம் செய்தும் பிள்ளை படத்தை விட்டு வரவே இல்லை. அப்படியானால் ஒரு குமிழை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, படம் இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சத்தமாகப் படித்தால் கதையை நுட்பமாகப் பேசும் பிள்ளை, அந்த ஒற்றை வரியை எழுத்துக் கூட்டவே திணறினால், முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தால், நேற்றுப் படித்த சொல்லை இன்று அடையாளம் காணாவிட்டால், அது விருப்பமின்மை ஆகாது. டிஸ்லெக்ஸியா போன்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். பார்வையையும் கேட்கும் திறனையும் முதலில் சோதித்துவிட்டு, கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வி ஆசிரியரிடமோ காட்டுங்கள். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி அவர்களுக்குத் தேவை, அதைக் காமிக்ஸால் தர முடியாது. பயிற்சி நடக்கும் காலத்தில் காமிக்ஸை நிறுத்திவிடாதீர்கள். குமிழ்களை நீங்களே படித்துக் காட்டுங்கள், வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லட்டும்.