மூன்று குதிரைகளில் எது ஜெயித்தாலும் ஒரே தொகை: டச்சிங் கணக்கு

பிரிட்டனில் எட்டுக் குதிரைகள் ஓடும் ஒரு பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஜெயிக்கும் என்று பலரும் நம்பும் ஃபேவரிட் குதிரைக்கு இந்தத் தூரம் ஒத்துவராது என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அதற்குப் பதில் ஜெயிக்கக்கூடியவை என்று மூன்றைப் பொறுக்கியிருக்கிறீர்கள், ஆனால் அந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரியவில்லை. கையில் இருப்பது 100 பவுண்டு. சமமாகப் பிரித்துக் கட்டினால், எது ஜெயிக்கிறது என்பதைப் பொறுத்து வரவு ஏறி இறங்கும். மூன்றில் எது ஜெயித்தாலும் ஒரே தொகை வரும்படி பிரித்துக் கட்டுவதுதான் டச்சிங்.

இதற்கு முதல் தேவை, கட்டும்போதே உறுதியாகும் விலை, அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்பது. பந்தயப் பணம் வாங்கும் புக்மேக்கர் 5/1 என்று காட்டும்போது கட்டினால் உங்களுக்கு அந்த விலைதான். டோட் முறையில் எல்லோருடைய பணமும் ஒரே தொட்டியில் சேர்ந்து, பந்தயம் முடிந்த பிறகுதான் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியவரும். ஓட்டம் தொடங்கும் நேரத்து விலையான எஸ்பி-யில் கட்டினாலும் இதே சிக்கல்தான். இரண்டிலும் முன்கூட்டிக் கணக்குப் போட வழியில்லை.

படி 1: விலையைத் தசமமாக்குங்கள்

நம் மூன்று குதிரைகளின் விலை 3/1, 5/1, 8/1. மேலே உள்ள எண்ணைக் கீழே உள்ளதால் வகுத்து 1 கூட்டினால் தசம விலை: 4.0, 6.0, 9.0. நீங்கள் கட்டிய பணமும் இதில் அடக்கம். அதாவது 4.0 விலையில் 1 பவுண்டு கட்டி ஜெயித்தால் கைக்கு 4 பவுண்டு வரும்.

படி 2: ஒவ்வொரு விலையாலும் 1-ஐ வகுத்துக் கூட்டுங்கள்

1/4 என்றால் 0.25. 1/6 என்றால் 0.1667. 1/9 என்றால் 0.1111. கூட்டினால் 0.5278.

இந்த எண்ணில்தான் முழு விஷயமும் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். 1-ஐ 0.5278-ஆல் வகுத்தால் 1.895. அதாவது மூன்று குதிரைகளையும் சேர்த்து, 1.895 விலையுள்ள ஒரே பந்தயத்தைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். நீண்டகாலக் கணக்கில் கை நஷ்டமில்லாமல் இருக்க வேண்டுமென்றால், இந்த மூன்றில் ஒன்று ஜெயிக்கும் வாய்ப்பு 52.78 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவ்வளவு வாய்ப்பு உண்டு என்று சொல்ல உங்களிடம் காரணம் இல்லையென்றால், இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

படி 3: பணத்தைப் பிரியுங்கள்

ஒவ்வொரு குதிரையின் பின்னத்தையும் கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

4.0 குதிரைக்கு 47.37 பவுண்டு, 6.0 குதிரைக்கு 31.58, 9.0 குதிரைக்கு 21.05. எது ஜெயித்தாலும் ஏறக்குறைய 189.47 வரும். பென்ஸில் முழுமையாக்குவதால் ஓரிரு பென்ஸ் முன்னே பின்னே இருக்கும். போட்ட 100 போக லாபம் 89.47. வேறு எந்தக் குதிரை ஜெயித்தாலும் 100-ம் போச்சு.

ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டியதில்லை. கூகுள் ஷீட்டில் B2 முதல் B4 வரை தசம விலைகளையும், E1-இல் மொத்தப் பணத்தையும் இட்டு, கீழுள்ளவற்றை C2, D2 கட்டங்களில் போட்டு 4-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். C-யில் கட்ட வேண்டிய தொகையும், D-யில் வரவும் வரும். D-யில் எல்லாம் ஒன்றாக இருந்தால் கணக்கு சரி.

```
C2: =$E$1*(1/B2)/SUMPRODUCT(1/B$2:B$4)
D2: =B2*C2
```

படி 4: கட்டும்போது விலை மாறினால்

மூன்று பந்தயத்தையும் ஒரே நொடியில் கட்ட முடியாது. முதல் குதிரையில் 47.37 கட்டி முடித்த நேரத்தில், இரண்டாவதன் விலை 6.0-இலிருந்து 5.5-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். பலரும் இங்கே பழைய 31.58-ஐயே கட்டிவிடுவார்கள், சமநிலை உடைந்துவிடும். முதல் பந்தயத்தை இனி மாற்ற முடியாது, ஆகவே அதன் வரவான 189.48-ஐ இலக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். இலக்கைப் புது விலையால் வகுத்தால் போதும்: 189.48 / 5.5 = 34.45. மூன்றாவதில் மாற்றமில்லை. மொத்தச் செலவு 102.87 ஆகிறது, லாபம் 86.61-க்கு இறங்குகிறது. இந்தப் புது லாபத்துக்கும் சம்மதம் என்றால்தான் மேலே போக வேண்டும். அதனால்தான் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் விலையை முதலில் கட்டச் சொல்வது.

ஒரு குதிரை விலகினால்

தொடங்குபவர்களை அதிகம் குழப்புவது இதுதான். நீங்கள் கட்டிய பிறகு வேறொரு குதிரை ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டால், மீதிக் குதிரைகள் ஜெயிக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது, ஆனால் உங்கள் விலை பழையது. அதைச் சரிக்கட்ட பிரிட்டிஷ் புக்மேக்கர்கள் ‘ரூல் 4’ என்ற விதிப்படி லாபத்தில் பிடித்தம் செய்வார்கள். பிடித்தம் எவ்வளவு என்பது விலகிய குதிரையின் விலையைப் பொறுத்தது. நம் பந்தயத்தில் 5/2 ஃபேவரிட் விலகினால், லாபத்தின் ஒவ்வொரு பவுண்டிலும் 25 பென்ஸ் போய்விடும்.

பிடித்தம் லாபத்தில் மட்டும், கட்டிய பணத்தில் இல்லை. அதனால் வரவு குறைவதோடு சமமாகவும் இருக்காது. 4.0 குதிரை ஜெயித்தால் லாபம் 142.11-இலிருந்து 106.58 ஆகி, கட்டிய பணத்தோடு சேர்த்து 153.95 வரும். 9.0 குதிரை ஜெயித்தால் 147.35 மட்டுமே. விலை பெரிய குதிரையில் வரவின் பெரும்பகுதி லாபம்தான், ஆகவே அடி அங்கே கூடுதல். நீங்கள் தேர்ந்த மூன்றிலேயே ஒன்று விலகினால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும், மற்ற இரண்டுக்கும் பிடித்தம் உண்டு. அப்போது கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

எல்லாக் குதிரையிலும் கட்டினால்?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். எட்டிலும் டச்சிங் செய்தால் எது ஜெயித்தாலும் பணம் வருமே! வரும், ஆனால் போட்டதைவிடக் குறைவாக. நம் பந்தயத்தின் எட்டு விலைகள் 5/2, 3/1, 5/1, 7/1, 8/1, 12/1, 16/1, 25/1. படி 2-ஐ இந்த எட்டுக்கும் செய்தால் கூட்டுத்தொகை 1.1127. 1-க்கு மேலே இருக்கும் இந்த மிச்சம்தான் புக்மேக்கர் தனக்கென வைத்துக்கொள்ளும் பங்கு. 100 பவுண்டைப் பிரித்துக் கட்டினால் எது ஜெயித்தாலும் 89.87 வரும். பத்து பவுண்டு உறுதியாக நஷ்டம்.

மூன்று குதிரையோடு நிறுத்தினாலும் அந்தப் பங்கு உங்களை விடாது. அது எல்லா விலையிலும் ஒரே விகிதத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் மூன்று குதிரைகளின் உண்மையான வாய்ப்பு 52.78-ஐ 1.1127-ஆல் வகுத்த 47.4 சதவீதம். நமக்கு வேண்டியதோ 52.78. இடையிலுள்ள இந்த ஐந்து சதவீதத்தைப் பிரிப்பு முறை ஒருபோதும் நிரப்பாது. குதிரையைப் பற்றி புக்மேக்கருக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நல்ல விலை கிடைக்க வேண்டும். அதனால் மூன்று குதிரைகளையும் ஒரே இடத்தில் கட்டாமல், ஒவ்வொன்றுக்கும் எந்தப் புக்மேக்கர் அதிக விலை தருகிறார் என்று பார்த்துக் கட்டுங்கள். 5/1 குதிரை வேறொரு இடத்தில் 6/1-க்குக் கிடைத்தாலே கூட்டுத்தொகை 0.5278-இலிருந்து 0.504-க்கு இறங்கிவிடும், அந்த ஐந்தில் ஏறக்குறைய பாதி அங்கேயே அடைபட்டுவிடும்.