டிபன் ஆர்டரைப் போனில் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

போனைச் சீக்கிரம் எடு, மரியாதையாகப் பேசு என்பதை எல்லாக் கடையிலும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மெஸ்ஸிலும் கேட்டரிங்கிலும் நஷ்டம் வருவது ஆர்டர் எழுதும் சீட்டில்தான்.

திருப்பிப் படிக்காமல் போனை வைப்பது

"எல்லாம் சரிதானேங்க?" என்று கேட்டுவிட்டால் போதும் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது பேசுபவருக்குத் தெரியாது. தான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு அவர் "சரிங்க" என்பார்.

ஞாயிறு காலை 7 மணிக்கு 40 பேருக்கு டிபன், ஆளுக்கு 2 இட்லி, ஒரு வடை என்கிறார் ஒருவர். பையன் "இட்லி 40, வடை 40" என்று எழுதிவிடுகிறான். வேண்டியது 80 இட்லி. காலையில் தெரிந்து பயனில்லை. இட்லி வேக பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், ஆனால் மாவை முந்தின நாளே அரைத்துப் புளிக்க வைத்திருக்க வேண்டும்.

அதனால் சீட்டைப் பார்த்து இப்படிப் படிக்கப் பழக்குங்கள்: "ஞாயித்துக்கிழமை, 14ஆம் தேதி, காலை 7 மணி. நாப்பது பேர், நாலு பூஜ்யம். ஆளுக்கு ரெண்டு இட்லி, மொத்தம் எண்பது. வடை ஆளுக்கு ஒண்ணு, மொத்தம் நாப்பது. நீங்களே வந்து எடுத்துக்கிறீங்க." ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, "ஆமா" வந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். போனில் முப்பதும் நாப்பதும் ஒன்றுபோலக் கேட்கும், அறுபதும் எழுபதும் அப்படித்தான். இலக்கத்தைத் தனித்தனியாகச் சொல்வது அதற்காகத்தான். கிழமையும் தேதியும் சேர்ந்து வந்தால், ஒன்று தவறானாலும் அவரே பிடித்துவிடுவார்.

"நாளைக்கு" என்று எழுதுவது

இரவு எழுதிய சீட்டை விடிந்து படிப்பவருக்கு அது வேறு நாள்.

போன் நம்பரைக் கடைசியில் கேட்பது

நடுவில் லைன் கட்டானால் ஆர்டரும் போச்சு. பேருக்கு அடுத்தது நம்பர்.

தெரியாத விலையைக் குத்துமதிப்பாகச் சொல்வது

"கேட்டுட்டு பத்து நிமிஷத்துல கூப்பிடுறேங்க" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிட வேண்டும்.

அட்டையை மனப்பாடம் செய்ய வைப்பது

பேச வேண்டியதை ஓர் அட்டையில் ஆறு வரியில் எழுதி, போன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்: பேர், நம்பர், நாள் நேரம், எத்தனை பேர், ஆளுக்கு என்னென்ன, டெலிவரியா நேரில் எடுப்பதா. சீட்டிலும் கட்டங்கள் இதே வரிசையில் இருக்கட்டும். வரிசை மாறினால் கண் அலைந்து ஒரு கட்டம் காலியாகவே நின்றுவிடும்.

பழக்கும்போது எதிரே உட்கார்ந்து கேட்காதீர்கள். முகம் தெரிந்தால் பாதி புரிந்துவிடும். வேறு அறையிலிருந்து நிஜமாகவே போன் செய்யுங்கள். நடுவில் "வடை வேண்டாம், போண்டா போடுங்க" என்று மாற்றிப் பாருங்கள். பழையதைக் கோடு போட்டு அடிக்காமல் மேலேயே திருத்தி எழுதினால், அங்கேயே நிறுத்திப் புதுச் சீட்டில் எழுத வையுங்கள். பிறகு அந்தச் சீட்டை மட்டும் மாஸ்டர் கையில் கொடுங்கள். அவர் திரும்பி ஒரு கேள்வி கேட்டாலும், எந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டாரோ அந்த வரியிலிருந்து மறுபடி பழக்க வேண்டும்.