“16 சதவீதம் கூடுகிறது” என்று எழுதுவதற்கு முன்

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடி இருப்பது நமக்குப் புதிய செய்தியில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும், மலசலகூடக் குழிகளில் இருந்து கசிவதும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் நிலத்தடி நீரில் போய்ச் சேருகின்றன. அதனால் நைத்திரேற்றையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசும் ஆய்வு எதைக் கண்டாலும் உடனே தமிழில் எழுதிப் போடக் கை துருதுருக்கும். எழுதத்தான் வேண்டும், ஆனால் ஆய்வு சொன்ன எல்லைக்குள் நின்று. 2018இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

படி 1: யாரை, எதை, எப்படிப் பார்த்தார்கள்?

தலைப்பு யோசிக்கும் முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1978 முதல் 2011 வரையான குடிநீர்ப் பரிசோதனைப் பதிவுகளை அந்த நாட்டு மக்களின் நோய்ப் பதிவுகளோடு இணைத்தார்கள். முக்கியக் கணக்கில் வந்தவர்கள் 17 இலட்சம் பேர். 35 வயதில் இருந்து அவர்களைத் தொடர்ந்ததில் 5,944 பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் வந்தது. ஆகக் கூடிய நைத்திரேற்று உள்ள நீரைப் பெற்றவர்களுக்கு, ஆகக் குறைந்த அளவைப் பெற்றவர்களைவிட ஆபத்து 16 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

படி 2: வினைச்சொல்லைச் சரிபாருங்கள்

இங்கே யாருக்கும் நைத்திரேற்றுக் கொடுத்துச் சோதிக்கவில்லை. நடந்ததைப் பதிவுகளில் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யார் புகைக்கிறார், யார் எவ்வளவு இறைச்சி சாப்பிடுகிறார் என்பதெல்லாம் இப்படியான பதிவுகளில் இருக்காது. ஆகவே “புற்றுநோயை உண்டாக்குகிறது” என்று எழுத இந்த ஆய்வு இடம் தரவில்லை. “கூடுதலாகக் காணப்பட்டது”, “தொடர்பு தெரிகிறது” என்பவையே பொருத்தம். வயிற்றுக்குள் நைத்திரேற்று வேறு சேர்மங்களாக மாறிக் கெடுதல் செய்யலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதை இந்த ஆய்வு அளக்கவில்லை என்பதால் “இருக்கலாம்” என்பதை விட்டுவிடாதீர்கள்.

படி 3: சதவீதத்தை ஆட்கணக்காக மாற்றுங்கள்

பிழை அதிகம் நடப்பது இங்கேதான். “16 சதவீதம்” என்றதும், நூறு பேரில் 16 பேருக்கு நோய் வரும் என்று வாசிப்பவர்கள் உண்டு. அதைத் தடுக்க அடிப்படை எண்ணைத் தேடுங்கள். ஆய்வில் அது இப்படி இருக்கிறது: 2 கோடி 30 இலட்சம் ஆள்-ஆண்டுகளில் 5,944 நோயாளர்கள். ஆள்-ஆண்டு என்றால் ஒருவரை ஓர் ஆண்டு தொடர்வது. வகுத்துப் பாருங்கள்: ஒரு இலட்சம் பேரை ஓர் ஆண்டு தொடர்ந்தால் ஏறத்தாழ 26 பேர். அதில் 16 சதவீதம் என்பது சுமார் 4 பேர்.

இந்த 26, நைத்திரேற்று கூடிய நீர், குறைந்த நீர் என்ற எல்லாப் பிரிவுகளுக்குமான சராசரி. அதனால் “ஏறத்தாழ” என்ற சொல் கட்டாயம் வேண்டும். அந்த 16 சதவீதமும் ஒரு மதிப்பீடுதான், அதற்கு ஆய்வு தரும் வீச்சு 8 முதல் 25 சதவீதம் வரை போகிறது, அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அதற்காக “4 பேர்தானே” என்று தட்டிக்கழிக்கவும் கூடாது. முழு நாட்டுக்கும் பெருக்கினால் அது சின்னத் தொகையில்லை.

படி 4: நம்மூருக்குக் கொண்டுவரும்போது நில்லுங்கள்

அங்கே ஆகக் கூடிய பிரிவு என்பதே லீற்றருக்கு 9 மில்லிகிராம் சொச்சத்தில் தொடங்குகிறது. நம் கிணறுகள் சிலவற்றில் 50ஐத் தாண்டும். “அப்போ நமக்கு ஆபத்து பல மடங்கு” என்று பெருக்கத் தோன்றும். பெருக்க வேண்டாம். நம் சாப்பாடும் வாழ்க்கையும் வேறு, நம்மை யாரும் அந்த ஆய்வில் பார்க்கவும் இல்லை. “இங்கே எப்படி என்பதை இந்த ஆய்வு சொல்லவில்லை” என்று எழுதினால் போதும்.

அலகையும் பாருங்கள். சில ஆய்வுகூட அறிக்கைகள் நைத்திரேற்றாக அல்லாமல், அதில் உள்ள நைதரசனாக எண்ணைத் தரும். அப்படி நைதரசனாகத் தந்த 10 மில்லிகிராம் என்பது நைத்திரேற்றாக ஏறத்தாழ 44. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் கட்டுரை முழுவதும் பிழைத்துப்போகும்.

படி 5: எழுதி, ஒருவரிடம் கொடுங்கள்

எழுதியது இப்படி வரலாம்:

> டென்மார்க்கில் 17 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், நைத்திரேற்று ஆகக் கூடிய குடிநீரைப் பெற்றவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 4 பேர் அதிகம். காரணம் நைத்திரேற்றுத்தான் என்று இதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. யாழ்ப்பாண நீர் இதில் ஆராயப்படவில்லை.

இதை அயலில் உள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன விளங்கியது என்று கேளுங்கள். “அப்ப எங்கட கிணத்துத் தண்ணியால கான்சர் வருமோ?” என்று கேட்டால் கடைசி இரண்டு வரிகளை மேலே ஏற்றுங்கள். “கொதிக்க வைச்சா சரிதானே?” என்று கேட்டால், கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும் என்று தனிப் பந்தியில் எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பு 50 மில்லிகிராம் எல்லையை வைத்தது புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களை மனதில் வைத்துத்தான் என்பதையும் அங்கேயே சேர்க்கலாம். ஆனால் இவை இந்த ஆய்வின் முடிவுகள் அல்ல என்று அந்தப் பந்தியின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.