தங்கம் உள்ள போர்ட்ஃபோலியோவை வருடத்துக்கு ஒருமுறை ரீபேலன்ஸ் செய்வது எப்படி?

பங்கு 50%, கடன் பத்திரம் 30%, தங்கம் 20% என்று பிரித்து 1,00,000 போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு வருடத்தில் பங்கு 4% இறங்கி 48,000 ஆகிவிட்டது. பத்திரம் 6% ஏறி 31,800. தங்கம் 40% ஏறி 28,000. இப்போது மொத்தம் 1,07,800. அதில் தங்கம் 26%. கூடியதில் கொஞ்சம் விற்று, குறைந்ததை வாங்கி, மூன்றையும் மறுபடி 50-30-20 என்ற இலக்குக்குக் கொண்டுவருவதுதான் ரீபேலன்ஸ்.

1. ஒரே நாளில் மதிப்பிடுங்கள்

வருடத்தில் ஒரு தேதியை முடிவு செய்து, மூன்றுக்கும் அன்றைய மதிப்பையே எழுதுங்கள். தங்கத்துக்கு மட்டும் ஒரு கவனம் தேவை: இன்று விற்றால் கைக்கு என்ன வருமோ, அந்த விலையைத்தான் போட வேண்டும். வாங்கும் விலையைப் போட்டால் இல்லாத பணத்தைக் கணக்கில் சேர்த்ததாகிவிடும். அணியும் நகையை இதில் சேர்க்கவே வேண்டாம். விற்க மனம் வராத பொருளை வைத்து ரீபேலன்ஸ் செய்ய முடியாது.

2. எவ்வளவு விற்பது?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். தங்கம் 20,000-இல் தொடங்கியது, அதனால் 8,000-க்கு விற்று பழையபடி 20,000-க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். அது தவறு. 20% என்பது இன்றைய மொத்தத்தில் 20%. 1,07,800-இல் 20% என்றால் 21,560. எனவே விற்க வேண்டியது 6,440.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. 26-இலிருந்து 20-க்கு வர 6% குறைக்க வேண்டும் என்று, கையிலுள்ள தங்கத்தில் 6%, அதாவது 1,680-க்கு மட்டும் விற்பார்கள். அந்த 6% மொத்தத் தொகுப்பில் 6%, தங்கத்தில் அல்ல.

பங்கின் இலக்கு 53,900, அதனால் 5,900-க்கு வாங்க வேண்டும். பத்திரத்தின் இலக்கு 32,340, வாங்க வேண்டியது 540. இரண்டையும் கூட்டினால் 6,440. விற்றதும் வாங்கியதும் சரியாகப் பொருந்துகிறது.

இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். A-இல் பெயர், B-இல் இன்றைய மதிப்பு, C-இல் இலக்கு சதவீதம், வரிசை 2 முதல் 4 வரை. மொத்தம் B5-இல். D2-இல் இதைப் போட்டு, D4 வரை இழுங்கள்:

```
B5: =SUM(B2:B4)
D2: =C2*$B$5-B2
```

விடை கூட்டலில் வந்தால் வாங்க வேண்டும், கழித்தலில் வந்தால் விற்க வேண்டும். `$` குறியை விட்டுவிட்டால் D3-இல் -31,800 என்று வரும். கீழே இழுத்ததும் ஃபார்முலா காலியான B6-ஐப் பார்ப்பதால், பத்திரம் முழுவதையும் விற்கச் சொல்கிறது! D பத்தியின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமா என்று பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

3. செய்யத்தான் வேண்டுமா?

இலக்கிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குக் குறைவாக விலகியிருந்தால் அந்த வருடம் விட்டுவிடலாம். இங்கே தங்கம் 6 புள்ளி விலகியிருக்கிறது, எனவே செய்யலாம். தங்கத்தின் இலக்கே 5% என்றால் இந்த அளவுகோல் உதவாது. அங்கே இலக்கில் கால் பங்கு, அதாவது 1.25 புள்ளி விலகினாலே போதும்.

4. விற்பதும் வாங்குவதும்

முதலில் விற்று, பணம் கணக்கில் வந்தபிறகு வாங்குங்கள். வரி இருந்தால் அது 6,440 முழுவதற்கும் அல்ல. அவ்வளவு தங்கத்தின் அசல் விலை 4,600, எனவே லாபம் 1,840 மட்டுமே. கட்ட வேண்டிய வரியை ஒதுக்கிவிட்டு மீதிக்கு வாங்குங்கள்.

இந்த வேலைக்குத் தங்க நாணயத்தைவிட, பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஈடிஎஃப்தான் தோது. நாணயத்தை வெட்டி 6,440-க்கு விற்க முடியாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் நாணயத்தில் பொதுவாக அதிகம்.

தங்கம் இறங்கும் வருடங்களில் இதே கணக்கு வாங்கச் சொல்லும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த உச்சத்தை மீண்டும் தாண்டியது 2008-இல்தான். நடுவில் பல வருடங்கள் இறங்குவதையே வாங்கிக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும். ரீபேலன்சிங் ரிஸ்க்கை இலக்கில் வைத்திருக்கும், லாபத்துக்கு உத்தரவாதம் தராது.

பின்சேர்க்கை: புதுப் பணம் போட்டு, விற்காமலே சரிசெய்யலாமா?

முழுவதுமாக என்றால், 28,000 தங்கம் 20% ஆக மொத்தம் 1,40,000 இருக்க வேண்டும். அதற்கு 32,200 புதிதாகத் தேவை. கையில் 12,000 மட்டும் இருந்தால் மொத்தம் 1,19,800 ஆகும், தங்கத்தின் இலக்கு 23,960. விற்க வேண்டியது 6,440-இலிருந்து 4,040 ஆகக் குறைகிறது. ஷீட்டில் இதைப் பார்க்க, B5-இன் ஃபார்முலாவோடு `+12000` சேர்த்தால் போதும். அப்போது D-யின் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்குப் பதில் 12,000 வர வேண்டும்.